பதினைந்தாயிரம் காலிப்பணியிடமும் ஒரு கேள்விக்குறியும்

2024 அக்டோபர் முதல் வாரம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில், என் பக்கத்து நாற்காலித் தம்பி செல்போனை என் பக்கம் தள்ளினார். "அண்ணா, குரூப் 4 காலிப்பணியிடம் பதினைந்தாயிரம் ஆகிவிட்டதாம். எனக்கு நிச்சயம் வந்துவிடும். மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று இருக்கிறேன்." திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேரோடு தங்கிப் படிப்பவர். அடுத்த தேர்வுக்கான புத்தகங்களை அந்த வாரம் அவர் தொடவே இல்லை.

நான் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தேன். தலைப்பு "15,000 ஆக உயர்வு?" என்று முடிந்திருந்தது. அந்தக் கேள்விக்குறியைத் தம்பி கவனிக்கவில்லை. நடுவில் மூன்று விளம்பரங்கள். கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருந்தது: எண்ணிக்கையை உயர்த்த வேண்டும் என்று தேர்வர்கள் கேட்கிறார்களாம். கோரிக்கையைச் செய்தியாக்கி, செய்தியை அறிவிப்பாக்கிவிட்டார்கள். முழுப்பொய் சொல்பவன் சீக்கிரம் மாட்டிக்கொள்வான். இந்தப் பக்கங்கள் ஒரு துளி உண்மையை எடுத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகின்றன. அதனால்தான் விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

"மூல அறிவிக்கையைப் படித்தீர்களா தம்பி?" என்றேன். சுருக்கம் படித்தாராம். இதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு. அறிவிக்கை நீளமானது, சலிப்பூட்டுவது, மறுக்கவில்லை. ஆனால் அதன் முதல் பக்கத்தில் இருக்கும் அறிவிக்கை எண்தான் பிறகு வரும் எல்லா வதந்திகளையும் அளக்கும் படி. அந்தத் தேர்வுக்கு எண் 1/2024, நாள் 30.01.2024, காலிப்பணியிடம் 6,244. இந்த எண்ணிக்கை தோராயமானது, மாறக்கூடியது என்று அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே உயர்வு என்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் அது நடக்கும் விதம் ஒன்றே ஒன்று. டி.என்.பி.எஸ்.சி. எனப்படும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தளத்தில், அதே அறிவிக்கை எண்ணைக் குறிப்பிட்டு, ஒரு பிற்சேர்க்கை வெளியாகும். பழைய எண்ணிக்கையும் கூடுதலும் அதில் இருக்கும்.

தம்பியின் போனிலேயே `tnpsc.gov.in` திறந்து அந்தத் தேர்வுக்குரிய ஆவணங்களைப் பார்த்தோம். செப்டம்பரில் 480 இடங்கள் கூடி 6,724 ஆகியிருந்தது. அவ்வளவுதான் அன்றைய உண்மை. பிறகு அக்டோபரில் 2,208 கூடி 8,932 ஆனது. அதன் பின்னும் 559 சேர்ந்து, அக்டோபர் 28-இல் முடிவு வந்தபோது 9,491-இல் நின்றது. ஒவ்வொரு படிக்கும் ஆவணம் உண்டு. பதினைந்தாயிரத்துக்கு ஒரு காகிதமும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், உயர்வு வந்ததும் அந்த மாதிரிப் பக்கங்கள் எல்லாம் "நாங்கள்தான் முதலில் சொன்னோம்" என்று மார்தட்டின.

இன்னொரு தந்திரம் தேதி. பக்கத்தின் தலையில் இன்றைய தேதி இருக்கும், உள்ளே சரக்கு போன வருடத்துடையதாக இருக்கும். 2025-இல் குரூப் 4-க்கு ஏப்ரல் 25-ஆம் தேதி புதிய அறிவிக்கை வந்தது, 3,935 இடங்களுக்கு. அதன் பிறகும் சில பக்கங்களில் தலைப்பு 2025, எண்ணிக்கை 6,244 என்று கண்டேன். பழைய கட்டுரையில் ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எந்தப் பக்கத்தைப் படித்தாலும் அறிவிக்கை எண் இருக்கிறதா, அது மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண்ணே சொல்லாமல் "வெளியானது அதிரடி அறிவிப்பு" என்று மட்டும் எழுதினால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

அடுத்தது முகவரி. "கவ் டாட் இன் இருந்தால் அரசுத் தளம்" என்று பயிற்சி மையங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதி சரி. அந்த முடிவு எங்கே இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும். கீழே உள்ளவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் நான் எடுத்துக்காட்டுக்காக உருவாக்கியவை.

```
https://www.tnpsc.gov.in/
https://tnpsc.gov.in.job-alert.example/group4
https://tnpsc-gov-in.example/
```

தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்த சாய்கோடு எங்கே வருகிறது என்று தேடுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பிப் படியுங்கள். முதல் முகவரி `gov.in` என்று முடிகிறது. அரசு அமைப்புகளுக்கு மட்டுமே அந்த முடிவு ஒதுக்கப்படும். இரண்டாவதன் சொந்தக்காரர் `job-alert.example`. முன்னால் ஒட்டியிருக்கும் `tnpsc.gov.in` வெறும் அலங்காரம், யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு இருக்கிறது. செல்போனில் முகவரியின் ஒரு பகுதிதான் தெரியும் என்பதால் அதைத் தொட்டு முழுவதையும் விரித்துப் பார்க்க வேண்டும்.

சரி, மறு பாதி? அரசுத் தேர்வின் உண்மையான தளம் எல்லாமே `gov.in` என்று முடிவதில்லை. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் நிரப்பும் இடம் `apply.tnpscexams.in`. வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ்.ஸின் தளம் `ibps.in`. விதியை மட்டும் பிடித்துக்கொண்டு உண்மையான தளத்தைப் போலி என்று ஒதுக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு அரசுத் தளங்களே இடம் மாறுகின்றன. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் 2024-இல் `ssc.nic.in` என்ற பழைய முகவரியிலிருந்து `ssc.gov.in`-க்கு மாறியது. பழைய குறிப்பேட்டில் எழுதிவைத்த முகவரி இன்று உதவாது. எனவே விண்ணப்பத் தளத்தைத் தேடுபொறியில் தேடாதீர்கள். முதன்மைத் தளத்தின் முகப்பிலிருந்து சொடுக்கிப் போங்கள், அல்லது அறிவிக்கையில் அச்சிட்டிருக்கும் முகவரியைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். தேடலில் முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்து வாங்கிய விளம்பர இடம்.

பணம் கேட்கும் இடத்தில் இது இன்னும் முக்கியம். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய், சலுகை உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஹால் டிக்கெட்டைத் தரவிறக்கக் கட்டணமே கிடையாது. "ஹால் டிக்கெட் முன்பதிவு" என்று எவரேனும் காசு கேட்டால் அது ஏமாற்று வேலை.

படிப்புக் குறிப்புகளில் தவறு வேறு விதமாக வருகிறது. அங்கே யாரும் ஏமாற்றுவதில்லை, காலம்தான் ஏமாற்றுகிறது. அந்தத் தம்பி வைத்திருந்த புவியியல் தொகுப்பில் "தமிழ்நாட்டின் ஒரே ராம்சார் ஈரநிலம் கோடியக்கரை" என்று இருந்தது. எழுதியபோது அது சரி. 2002-இல் கோடியக்கரை ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, இருபது ஆண்டு தனியாகவே இருந்தது. 2022-இல் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் என்று வரிசையாகச் சேர்ந்துகொண்டன. வேளச்சேரியிலிருந்து பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய சதுப்பு நிலம் அந்தத் தொகுப்பில் இல்லை! தொகுத்தவர் யார், எந்த ஆண்டு, எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தார் என்ற விவரம் ஒரு வரிகூட இல்லை. எங்கிருந்தோ நகலெடுத்து, நகலை நகலெடுத்து வந்தது.

மாவட்ட எண்ணிக்கையும் அப்படித்தான். 2018 வரை 32. 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020-இல் மயிலாடுதுறை, ஆக 38. இங்கே ஒரு சங்கடம் உண்டு. 2018-இலிருந்து வந்த புதிய பாடநூல்களின் முதல் பதிப்புகளும் 32 மாவட்டக் காலத்தவை. அரசுப் பாடநூல் என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ள முடியாது. நூலின் முன்பக்கங்களில் "முதல் பதிப்பு, திருத்திய பதிப்பு" என்று ஆண்டுகள் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, கடைசித் திருத்திய பதிப்பைப் பாடநூல் கழகத்தின் பிரதியாகவோ பள்ளிக் கல்வித்துறைத் தளத்திலோ எடுத்துக்கொள்ளுங்கள். வரலாறு, இலக்கணம் போன்றவற்றுக்குப் பழைய குறிப்பும் பெரிதாகக் கெடுக்காது. எண்ணிக்கை, திட்டம், பதவி வகிப்பவர் என்று மாறும் விஷயங்களில் மட்டும் ஆண்டு தெரியாத குறிப்பைத் தொடாதீர்கள்.

தேர்வு முடிந்த அன்று மாலையே வரும் விடைக்குறிப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தனியார் வெளியிடுபவற்றை இரண்டு மூன்று எடுத்து ஒப்பிட்டால் சில கேள்விகளுக்காவது விடை மாறுபடும். ஆணையம் தன் உத்தேச விடைகளைச் சில நாட்கள் கழித்துத் தளத்தில் வெளியிடும், மறுப்புச் சொல்ல ஏழு நாள் தரும். மறுப்பையும் தளத்தின் வழியாகத்தான் ஏற்பார்கள், தபாலிலோ மின்னஞ்சலிலோ அல்ல. தனியார் விடையை நம்பி "போய்விட்டது" என்று சோர்ந்திருந்தவர்கள் உத்தேச விடையைத் திறந்துகூடப் பார்க்காமல் அந்த ஏழு நாளை விட்டிருக்கிறார்கள். "எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்" பட்டியலைப் பற்றிப் பேசவே வேண்டாம். காலிப்பணியிடமே மூன்று முறை மாறிய ஒரு தேர்வில் அதை முன்கூட்டிச் சொல்பவர் கிளி ஜோசியம் பார்க்கிறார்.

இதற்காகத் தனியார் தளங்களையே பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். புதிய அறிவிப்பு வந்திருக்கிறது என்று எனக்கே பல தடவை முதலில் அவர்கள்தான் சொன்னார்கள். வாசலில் மணி அடித்தால் எழுந்து போய்க் கதவைத் திறந்து யார் என்று பார்ப்போம் அல்லவா, அந்த அளவுக்கு அவர்கள் பயன்படுவார்கள்.

கதவு திறக்காத நாளும் உண்டு. முடிவு வரும் நாளில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் போட்டிபோட, ஆணையத்தின் தளம் சுற்றிக்கொண்டே நிற்கும். "இங்கே உடனே முடிவு பார்க்கலாம்" என்று பதிவு எண்ணும் பிறந்த தேதியும் கேட்கும் பக்கங்கள் அப்போதுதான் முளைக்கும். அவற்றில் எதையும் நிரப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் வேலை நாட்களில் 1800 419 0958 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம். இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டு இரவு பதினொரு மணிக்கு மேல் முயன்று பாருங்கள், நெரிசல் குறைந்திருக்கும்.