ஓப்பன் ஃபைலில் யானையை மாற்றுவதா, இரட்டிப்பதா? வழக்கமாகச் செய்யும் தவறுகள்

செஸ்ஸில் இரண்டு பக்கமும் சிப்பாய் இல்லாத ஒரு ஃபைல் திறந்ததும் இருவரின் யானைகளும் அங்கே வந்து எதிரெதிரே நிற்கும். அப்போது பெரும்பாலானவர்களுக்குக் கை பரபரக்கும். வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று தோன்றும். நானும் பல ஆட்டங்களை இப்படித்தான் கெடுத்துக்கொண்டேன். முதல் தவறு அங்கேதான் இருக்கிறது.

பலகையில் ஒரு நிலையை வைத்துப் பாருங்கள். வெள்ளை: ராஜா g1, யானைகள் d1, f1, சிப்பாய்கள் a2, b2, c2, e4, f2, g2, h2. கறுப்பு அதன் நேர் பிம்பம்: ராஜா g8, யானைகள் d8, f8, சிப்பாய்கள் a7, b7, c7, e5, f7, g7, h7. வெள்ளை 1.Rxd8 Rxd8 என்று வெட்டினால், d ஃபைலில் இப்போது யார் யானை நிற்கிறது? கறுப்புடையது. வெட்டியவரின் யானை பலகையை விட்டே போய்விட்டது, திருப்பி வெட்டிய யானையோ f8-ல் சும்மா இருந்தது ஒரே தாவில் நடு ஃபைலுக்கு வந்துவிட்டது. சரி, நானும் எதிரே வருகிறேன் என்று 2.Rd1 வைத்தால் Rxd1 மேட். முதல் வரிசையில் ராஜாவுக்கு மூச்சு விட இடமில்லை. வேறு எதையாவது ஆடினால் Rd2 வந்து c2-ஐக் குறிவைக்கும். வெள்ளை தோற்றுவிடவில்லை, f3, Rf2 என்று சமாளிக்கலாம். ஆனால் கேள்வி கேட்பது கறுப்பு, பதில் சொல்வது வெள்ளை.

இதே நிலையில் வெள்ளை ராஜா மட்டும் g1-க்குப் பதில் e2-ல் நிற்கட்டும். 1.Rxd8 Rxd8 2.Rd1 என்பது இப்போது ஒரு பிரச்சினையும் இல்லாத ஆட்டம். ராஜாவே d1, d2, d3 மூன்றையும் காக்கிறது. கறுப்பு ஃபைலைப் பிடித்தாலும் உள்ளே நுழைய வாசல் கிடையாது. ஃபைல் யாருடையது என்று பார்க்கும்போதே அதன் மறுமுனையில் எந்தக் கட்டங்களில் யானை உட்கார முடியும், அவற்றை யார் காக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வாசல் எல்லாம் பூட்டியிருந்தால் அந்த ஃபைலுக்காக அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

அடுத்தது இரட்டிப்பதில் வரும் தவறு. முதல் நிலைக்கே திரும்புவோம். d1 யானையை முன்னே நகர்த்தி, பின்னால் f1 யானையைக் கொண்டுவர வேண்டும் என்று நினைக்கிறோம். 1.Rd2 ஆடினால் Rxd2. அந்தக் கட்டத்துக்குக் காவலே இல்லை, யானை போனது போனதுதான். 1.Rd3 என்றால் c2 சிப்பாய் காக்கிறது, ஆனால் Rxd3 cxd3 ஆனதும் ஃபைலே மூடிவிடும். 1.Rd5 வேறு மாதிரி. அங்கே e4 சிப்பாயின் காவல் இருக்கிறது, e5 சிப்பாயும் தாக்கப்படுகிறது. கறுப்பு வெட்டினால் exd5, ஃபைல் மூடினாலும் அந்தச் சிப்பாயை மறிக்க எதிரே c7 ஒன்றுதான். ஆக, முன்னே போகும் யானை நிற்கும் கட்டத்தில் அதை வெட்டினால் எதைக் கொண்டு திருப்பி வெட்டுவோம், அதற்குப் பிறகு ஃபைல் என்ன ஆகும் என்பதைப் பார்த்த பிறகுதான் இரட்டிக்க வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க 1974 நீஸ் ஒலிம்பியாடில் கார்ப்போவ் உன்ஸிக்கருக்கு எதிராக வெள்ளையில் ஆடிய ஆட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. தொடக்கம் ரூய் லோபஸ். a ஃபைல் மட்டும் திறந்திருக்கிறது. d5 சிப்பாயால் வெள்ளைக்கு இடம் அதிகம், கறுப்பு நெருக்கடியில் இருக்கிறது. இடம் குறைந்தவருக்குக் காய்களை மாற்றிக்கொள்வது நிம்மதி தரும். அதனால் யானைகளை மாற்ற விரும்புவது கறுப்பு, மாற்றவிடாமல் இருக்க வேண்டியது வெள்ளை.

22.Ra2 என்று கார்ப்போவ் இரட்டிக்கத் தயாராகிறார். அங்கேயே 22...Rxa2 என்று வெட்டியிருந்தால் 23.Qxa2. அடுத்து Ra8 என்று வரப் பார்த்தால், ராணி c7-ல் இருப்பதால் a8-க்குக் காவலில்லை, Qxa8 என்று யானை போய்விடும். அவசரப்பட்டு வெட்டியிருந்தால் ஃபைலை வெள்ளைக்கே தாரைவார்த்த கதைதான். உன்ஸிக்கர் அந்தத் தவறைச் செய்யவில்லை. 22...c4 ஆடி d3-ல் இருந்த பிஷப்பை b1-க்கு விரட்டினார். அப்புறம் 23...Qd8 என்று ராணியை a8-க்குத் துணையாக வைத்தார். இப்போது Rxa2, பிறகு மற்ற யானையால் Ra8 என்ற திட்டம் சரியாக வேலை செய்யும்.

இந்த இடத்தில் வெள்ளையின் சங்கடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். e1 யானை a1-க்குப் போக முடியாது, b1 பிஷப் வழிமறிக்கிறது. பிஷப்பை c2-க்கு நகர்த்தினால் d2 ராணிக்கும் a2-க்கும் இடையே அதுவே சுவராகிவிடும், உடனே Rxa2, ஒரு யானை இலவசம். தானே Rxa8 வெட்டினால் Rxa8 என்று கறுப்பு யானை தனியாக ஃபைலில் நிற்கும். பிறகு Bc2, Ra1 என்று மீதியையும் மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் அது கறுப்பு விரும்பிய நிம்மதி.

கார்ப்போவ் ஆடியது 24.Ba7. e3-ல் இருந்த பிஷப்பை நேராகத் திறந்த ஃபைலின் நடுவிலேயே கொண்டுபோய் வைத்தார். அந்த மூலைவிட்டத்தைத் திறந்துவிட்டதே கறுப்பின் c4 தான், அதுவரை c5 சிப்பாய் குறுக்கே நின்றது. a7 பிஷப்பை a2 யானை காக்கிறது, அதனால் a8 யானை அதை வெட்ட முடியாது, தாண்டவும் முடியாது. மாற்றிக்கொள்ளும் வழி அடைபட்டது. இனி 25.Bc2, 26.Rea1 என்று நிதானமாக இரட்டித்தார். ஃபைல் இருவருக்கும் மூடியதுபோலத் தெரியும். ஆனால் கதவின் சாவி வெள்ளையிடம் மட்டும்தான். பிஷப் விலகும் நொடியில் இரட்டை யானைகள் தயாராக நிற்கும், கறுப்பு யானைகளோ அந்த நொடிக்காகக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. அடைக்கும் காய்க்குப் பின்னாலிருந்து யானையின் காவல் வேண்டும், எதிரியின் சிப்பாயோ குதிரையோ அதை எளிதில் விரட்ட முடியாததாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காத்திருப்பதால் லாபம் நமக்கு இருக்க வேண்டும். இங்கே வெள்ளைக்கு ராஜா பக்கத்தில் f4, f5 என்று தள்ளிக்கொண்டு போக இடமிருந்தது. கறுப்புக்கு ராஜாவை g8-க்கும் f8-க்கும் இடையே நடத்துவதைத் தவிர வேறு வேலை அதிகமில்லை.

வேடிக்கை என்னவென்றால், a ஃபைல் கடைசிவரை திறக்கவே இல்லை. ராணி g6-க்கு வந்து, 44.Nh5 ஆடியதும் உன்ஸிக்கர் கைவிட்டார். அப்போதும் பிஷப் a7-ல்தான் இருந்தது. கறுப்பு யானைகள் 24-ஆவது நகர்வில் நின்ற அதே a8, c8 கட்டங்களில் நின்றன.