டீசல் திருட்டு: சின்ன லாரி முதலாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாமக்கல் பக்கம் புதிதாக இரண்டு மூன்று வண்டி வாங்கி ஓட்ட ஆரம்பிப்பவர்கள் கணக்கு நோட்டைக் காட்டும்போது, நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கூத்துகளையே அவர்களும் செய்துகொண்டிருப்பது தெரியும். பில் வாங்காமல் விடுவது, கிலோமீட்டர் எழுதாமல் விடுவது போன்றவை யாருக்கும் தெரிந்த தவறுகள், அவற்றை விட்டுவிடுகிறேன். நோட்டு சுத்தமாக இருந்தும் டீசல் போய்க்கொண்டே இருக்கும் இடங்கள்தான் இங்கே பேச்சு.

## எல்லா ஓட்டத்துக்கும் ஒரே மைலேஜ்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. சமீபத்தில் ஒரு தம்பி பெருமையாகச் சொன்னார்: "டிரைவர் தங்கம்ணா. மைலேஜ் நாலுக்குக் கீழே வந்ததே இல்லை." நோட்டைப் புரட்டினேன். நாலு, நாலு, 4.02, நாலு. லோடு ஏற்றிப் போனாலும் நாலு, எம்ப்டியாகத் திரும்பினாலும் நாலு, அடைமழையிலும் நாலு.

உண்மையான மைலேஜ் அப்படி நேர்கோட்டில் நிற்காது. லோடு எடை, எதிர்க்காற்று, ஏற்றம், டிராஃபிக் என்று ஒவ்வொரு டிரிப்பிலும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். மாறாமல் ஒரே எண் வந்தால் யாரோ அந்த எண்ணுக்குத் தகுந்தபடி கணக்கை முடிக்கிறார்கள் என்று அர்த்தம். நாலுக்கு மேல் மிச்சமான டீசல் வழியில் எங்கோ இறங்கியிருக்கிறது, அல்லது டேங்கில் ஊற்றாமலே பில் வந்திருக்கிறது.

எவ்வளவு போகும் என்று பார்ப்போம். ஒரு 12 சக்கர வண்டி நாமக்கல்லிலிருந்து ஹைதராபாத்துக்கு லோடு ஏற்றிப் போய், ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் எம்ப்டியாகத் திரும்புகிறது. ஒரு பக்கம் சுமார் 800 கிலோமீட்டர். அந்த வண்டி லோடில் 4, எம்ப்டியில் 6 கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். போக 200 லிட்டர், வர 133 லிட்டர், மொத்தம் 333. முதலாளியோ 1,600 கிலோமீட்டரை நாலால் வகுத்து 400 லிட்டர் ஒப்புக்கொள்கிறார். 67 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 92 ரூபாய் என்றால் ஒரே டிரிப்பில் 6,100 ரூபாய்க்கு மேல். இதற்கு டிரைவர் ராத்திரியில் டியூப் போட்டு உறிஞ்ச வேண்டிய அவசியமே இல்லை. நாமே எழுதிக் கொடுத்த பணம் அது.

அதே நாலு, வேறொரு டிரிப்பில் டிரைவரின் கழுத்தைப் பிடிக்கும். போகவும் வரவும் முழு லோடு, வழியெல்லாம் ஏற்றம் என்றால் 3.7தான் வரும். குறைந்ததை பேட்டாவில் பிடித்தால், அடுத்த முறை அவர் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடிக்கப் பார்ப்பார். இன்ஜின் பிடிமானம் இல்லாமல் முழு லோடும் பிரேக்கின் மேல் விழும். அந்த இறக்கத்தில் கவிழ்ந்த லாரிகளைப் பார்த்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் லோடுக்கு ஒன்று, எம்ப்டிக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு அளவு வேண்டும். அடிக்கடி போகும் மலை ரூட் இருந்தால் அதற்குத் தனியாக இன்னொன்று. அடுத்தவர் வண்டியின் எண்ணை வாங்கி எழுதாதீர்கள். நம்பிக்கையான ஒருவரை உடன் அனுப்பி, அதே ரூட்டில் சில டிரிப் அளந்து, வந்த எண்களின் சராசரியை வையுங்கள். லோடிங் பாயின்ட்டில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்த நேரத்தை டிரிப் ஷீட்டில் தனியாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதுவும் மைலேஜைத் தின்னும்.

## டேங்க் ஃபுல் பண்ணாமல் கணக்கு முடிப்பது

இரண்டு அளவு வைத்தும் பலர் ஏமாறுவது இங்கேதான். வண்டி திரும்பியதும் பில்களைக் கூட்டி, கிலோமீட்டரை அதனால் வகுத்துவிடுகிறார்கள். புறப்படும்போது டேங்கில் எவ்வளவு இருந்தது, வந்து நிற்கும்போது எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கிலேயே இல்லை. ஒரு டிரிப்பின் திருட்டு அடுத்த டிரிப்பின் டேங்கில் ஒளிந்துகொள்ளும்.

புறப்படும்போது ஃபுல், லோடு இறக்கியதும் ஃபுல், ஊர் திரும்பியதும் ஃபுல். நடுவில் ஊற்றிய லிட்டர்தான் அந்தப் பாதியின் செலவு. அதே ஹைதராபாத் டிரிப்பில் போகும்போது 208 லிட்டர் என்றால் 3.85 வருகிறது, தொப்பூரில் ஏறிப்போன வண்டிக்கு அது சரிதான். வரும்போது 150 லிட்டர் என்றால் 5.3தான். 17 லிட்டர் எம்ப்டிப் பாதியில் போயிருக்கிறது என்று ரூட்டோடு தெரிந்துவிடும். மொத்தமாக வகுத்திருந்தால் 4.47 என்று வந்து, நாலை எதிர்பார்த்தவர் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஃபுல் என்றால் நாசில் தானாக முதல்முறை நிற்கும் அளவு. நுரை அடங்கிய பிறகு மேலே மேலே ஊற்றினால் ஒவ்வொரு முறையும் வேறு ஃபுல் வரும். ஊரில் ஒரே பங்க்கில், சமதளத்தில் நிறுத்தி ஊற்றுங்கள். டீசல் சூட்டில் விரியும். 300 லிட்டருக்குப் பத்து டிகிரி வித்தியாசத்தில் சுமார் இரண்டரை லிட்டர் மாறும். அந்த அளவுக்கெல்லாம் யாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்காதீர்கள்.

## குச்சியில் நேராகக் கோடு போடுவது

நடுவழியில் சோதிக்க அளவுக்குச்சிதான் கைகொடுக்கும். ஆனால் உருளை டேங்கில் குச்சியை நாலு சம பங்காகப் பிரித்தால் தப்பு. பாதி உயரத்தில் பாதி டீசல் இருக்கும், கால் உயரத்தில் கால் டேங்க் இருக்காது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான். 360 லிட்டர் டேங்கில் 90 என்று நினைத்த இடத்தில் 70தான் கிடக்கும். 20 லிட்டர் அதிகமாகக் காட்டும் குச்சியை டிரைவர் திருத்தச் சொல்ல மாட்டார். டேங்க் காலியாக இருக்கும் ஒரு நாளில் 20, 20 லிட்டராக அளந்து ஊற்றி, நிற்கும் மட்டத்தில் அரம் கொண்டு கீறிவிடுங்கள். ஒரு வண்டிக் குச்சி இன்னொரு வண்டிக்கு ஆகாது.

## டேங்க் மூடிக்குப் பூட்டு போட்டு நிம்மதியாவது

பூட்டுங்கள். டேங்குக்கு அடியில் டிரெயின் பிளக்கும் இருக்கிறது.

## ஃப்ளீட் கார்டை நம்பி விட்டுவிடுவது

கார்டு பணம் எங்கே, எப்போது போனது என்று சொல்லும். டீசல் உங்கள் டேங்குக்குப் போனதா பக்கத்தில் வைத்த கேனுக்குப் போனதா என்று சொல்லாது.

## பில்லை மட்டும் தனியாகப் பார்ப்பது

பில்லை ஃபாஸ்டேக் விவரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எம்ப்டியாகத் திரும்பும் வண்டிக்குக் கிருஷ்ணகிரியில் அதிகாலை 2.10க்கு 60 லிட்டர் ரொக்க பில் இருக்கிறது. 2.25க்கு அதே வண்டி தொப்பூர் பக்கத்து டோலைத் தாண்டியிருக்கிறது. நடுவில் சுமார் 70 கிலோமீட்டர். கால் மணி நேரத்தில் எந்த லாரியும் போகாது, ஆகவே அது வேறு வண்டியின் பில். அடுத்து டேங்கில் இடம் இருந்ததா என்று பாருங்கள். கடைசி ஃபுல்லுக்குப் பிறகு 240 கிலோமீட்டர் எம்ப்டியாக ஓடிய வண்டியில் 40 லிட்டர்தான் காலியாகியிருக்கும். அதற்கு 100 லிட்டர் பில் வந்தால், மிச்சத்தை எங்கே ஊற்றியது?

## மைலேஜ் குறைந்ததுமே டிரைவர் மேல் பாய்வது

வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால், முதலில் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். திடீரென்று விழுந்தால், குறிப்பிட்ட ஒரு ரூட்டில் மட்டும் விழுந்தால், சந்தேகத்துக்கு இடம் உண்டு. டிரைவர்களை வண்டி மாற்றி அனுப்புங்கள். குறை வண்டியோடு நின்றால் மெக்கானிக்கிடம் போங்கள், ஆளோடு போனால் அவரை உட்கார வைத்து டிரிப் ஷீட்டைக் காட்டுங்கள். ஒரே டிரிப்பை வைத்து மட்டும் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம். அளவுக்குக் கீழே செலவு செய்து மிச்சம் காட்டுபவருக்கு அந்த டீசல் பணத்தில் ஒரு பங்கை, அந்த டிரிப் செட்டில்மென்ட்டிலேயே கையில் கொடுத்துவிடுங்கள்.