ஆய்லர் சூத்திரம் பொருந்தாத நடுத்தர நீளத் தூண்: ஜான்சன் வழியில் கணக்கிடுவது எப்படி?

40 மி.மீ. விட்டமுள்ள திடமான உருண்டை எஃகுக் கம்பி, 800 மி.மீ. நீளம். இரு முனையும் பின் மூட்டு. அச்சு வழியாக அழுத்தினால் எவ்வளவு சுமை தாங்கும்? மைல்டு ஸ்டீல்தான்: ஈல்டு தகைவு 250 மெகாபாஸ்கல், மீள்மைக் குணகம் 2,00,000 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மெலிவு விகிதம் வேண்டும். பயனுறு நீளத்தைச் சுழற்சி ஆரத்தால் வகுத்தால் அது கிடைத்துவிடும். திட உருண்டைக்குச் சுழற்சி ஆரம் விட்டத்தில் கால் பங்கு, அதாவது 10 மி.மீ. இரு முனையும் பின் மூட்டு என்பதால் பயனுறு நீளம் அதே 800. ஆக, விகிதம் 80.

தூண் பக்கவாட்டில் வளைந்து பக்லிங் ஆகும் தகைவைத் தருவது ஆய்லர் சூத்திரம். இப்போது அதில் போட்டுப் பாருங்கள்:

```
σ = π²E / λ² = 1973920 / 6400 = 308 MPa
```

எஃகு 250-லேயே ஈல்டு ஆகிவிடும். பிறகு 308 எப்படி வரும்? ஆய்லர் தூணை முழுக்க மீள்தன்மை உள்ளதாக எடுத்துக்கொள்கிறார். ஈல்டு என்ற ஒன்று அவர் சூத்திரத்திலேயே இல்லை.

சரி, விடை 250-ஐத் தாண்டாவிட்டால் ஆய்லரை நம்பலாமா? பலர் சறுக்குவது இங்கேதான். அதே கம்பியை 1,000 மி.மீ. நீளமாக எடுங்கள். விகிதம் 100, ஆய்லர் விடை 197. பார்க்க நியாயமான எண்ணாகத் தெரியும், ஆனால் அதுவும் அதிகம். உருட்டாலையில் சூடாக உருட்டிய எஃகு சீராகக் குளிர்வதில்லை. அதனால் உள்ளேயே எச்சத் தகைவுகள் தங்கிவிடுகின்றன. வெளிச்சுமை ஏறும்போது ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் பகுதிகள் சராசரித் தகைவு 250-ஐத் தொடுவதற்கு வெகு முன்பே ஈல்டு ஆகிவிடும். அந்தப் பகுதிகள் வளைவை எதிர்க்கப் பெரிதாக உதவாது. தூணின் விறைப்பு அங்கேயே குறைந்துவிடும்.

அதனால் ஈல்டு தகைவில் பாதியைத்தான் ஆய்லரின் எல்லையாக வைப்பது வழக்கம். அந்த எல்லைக்குரிய மெலிவு விகிதம்:

```
λc = √(2π²E / fy) = √(2 × 1973920 / 250) ≈ 126
```

126-க்கு மேலே போனால் ஆய்லர். கீழே இருந்தால் ஜான்சன் பரவளைவு:

```
σ = fy [1 − fy λ² / (4π²E)]
```

விகிதம் பூஜ்யத்தில் இது 250-இல் தொடங்கி, 126-இல் 125-க்கு இறங்கி, ஆய்லர் வளைவை முறிவே இல்லாமல் தொட்டுச் சேர்கிறது. விகிதம் மிகச் சிறிதாக இருக்கும் குட்டைத் தூணில் பக்லிங்கின் பாதிப்பு அற்பம். ஈல்டு தகைவை மட்டும் பார்த்தாலே போதும்.

நம் கம்பிக்கு:

```
σ = 250 [1 − 250 × 6400 / 7895680] = 199 MPa
P = 199 × 1257 mm² ≈ 250 kN
```

ஆய்லரை நம்பியிருந்தால் 388 கிலோநியூட்டன் என்று எழுதியிருப்போம். 1,000 மி.மீ. கம்பிக்கு ஜான்சன் தருவது 171 மெகாபாஸ்கல். ஆய்லரின் 197 அதைவிட ஏறத்தாழ 15 சதவீதம் அதிகம்.

250 கிலோநியூட்டன் என்பது முறியும் சுமை, அனுமதிக்கும் சுமை அல்ல. இயந்திர பாகத்துக்குப் பாதுகாப்புக் காரணி 2.5 என்று எடுத்தால் 100 கிலோநியூட்டன், சுமார் பத்து டன்.

முனை நிலையைத் தப்பாக எடுத்தால் சூத்திரமே மாறிவிடும் என்பதையும் கவனியுங்கள். ஸ்க்ரூ ஜாக்கில் இருப்பதுபோல் அடி இறுகி, தலை எந்தப் பக்கமும் தாங்கலின்றி நின்றால் பயனுறு நீளம் இரட்டிப்பு, விகிதம் 160. அப்போது ஆய்லர்தான்: 77 மெகாபாஸ்கல், 97 கிலோநியூட்டன். கம்பி அதேதான், முறியும் சுமையே பத்து டன்னுக்கும் கீழே போய்விட்டது.

சோதனைச் சாலையில் இரண்டு வகையையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். ஆய்லர் வகை நீளத் தூண் வளைந்த உடனே சுமையை எடுத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நடுத்தரத் தூண் நிமிராது. வளைவின் உட்பக்கத்தில், நடுப்பகுதியை ஒட்டி, கருப்பு ஆக்சைடுச் செதில் உதிர்ந்திருப்பதையும் பார்க்கலாம். எஃகு ஈல்டு ஆன இடம் அது.

கட்டடத் தூணுக்கு ஜான்சனோடு நிறுத்தாதீர்கள். இந்தியாவில் IS 800:2007 விதியைப் பின்பற்ற வேண்டும். அது தூண் தொடக்கத்திலேயே சற்று வளைந்திருப்பதையும் கணக்கில் சேர்க்கிறது. திட உருண்டை அதில் ‘c’ வகைக்குள் வரும். விகிதம் 80, ஈல்டு 250 என்றால் அட்டவணை தரும் வடிவமைப்புத் தகைவு 136 மெகாபாஸ்கல். 1.1 என்ற பாதுகாப்புக் காரணி அதிலேயே அடங்கியிருக்கிறது. அதை நீக்கினாலும் 150-தான், ஜான்சனின் 199 அல்ல. சுமை அச்சிலிருந்து விலகி இறங்கினால் இந்த எண்களும் செல்லாது. வளைவுத் திருப்புத்திறனையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.