ஓலைச்சுவடியின் காலத்தைக் கணிப்பது எப்படி? ஒரு திருவாசகப் படியை முன்வைத்து

வரலாறு பயிலும் இளங்கலை மாணவர் ஒருவரின் கையில் திருவாசக ஓலைச்சுவடி ஒன்று கிடைத்தால் முதலில் எழும் கேள்வி, இது எந்தக் காலத்தது என்பதாகும். இங்கே நாம் தேடுவது மாணிக்கவாசகரின் காலத்தை அன்று. இந்த ஓலைகளில் இந்தப் படியை ஒருவர் எழுதி முடித்த நாளையே தேடுகிறோம். இரண்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் இருக்கும். நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் பூச்சியிலும் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. எனவே பழைய சுவடி சிதையத் தொடங்கும்போது புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவதே வழக்கமாக இருந்தது. இன்று கைக்கு வரும் தமிழ்ச் சுவடிகளில் பெரும்பாலானவை 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையானவை.

முதல் படி: கடைசி ஓலைக்குச் செல்லுங்கள்

எழுத்தைப் பார்த்துக் காலம் சொல்ல முயல்வதற்கு முன், முடிவுக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நூல் முடிந்தபின் எழுதியவர் நாள், தம் பெயர், ஊர், யாருக்காக எழுதினார் என்பன போன்றவற்றைக் குறிக்கும் பகுதி அது. பெரும்பாலும் கடைசி ஓலையில் இருக்கும். சில சுவடிகளில் முதல் ஓலையிலோ இடையில் ஒரு பகுதி முடியும் இடத்திலோ இருக்கும். பயிற்சிக்காக நானே அமைத்த ஒரு குறிப்பை இங்கே தருகிறேன்.

கொல்லம் ௲௵ தாரண௵ மாசி௴ ௰௳ சனிக்கிழமை திருவாசகம் எழுதி முடிந்தது முற்றும்

௵ ஆண்டையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும். ௲ என்பது ஆயிரம். ௰ என்பது பத்து. தமிழ் எண்கள் எழுத்துகளைப் போலவே இருப்பதால் தொடக்கத்தில் தடுமாற்றம் வரும்: ௧ க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும் தோன்றும். நானும் முதலாண்டில் ஓர் எண்ணை எழுத்தாகக் கருதி, இல்லாத ஒரு சொல்லுக்கு அரை நாள் பொருள் தேடியிருக்கிறேன்.

இரண்டாம் படி: ஆண்டை மாற்றுங்கள்

கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது. திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கத்துச் சுவடிகளில் இது மிகுதியாக வரும். அப்பகுதிகளில் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆகவே ஆவணி முதல் டிசம்பர் இறுதி வரையான நாளானால் 824ஐயும், சனவரி முதல் ஆடி முடிய உள்ள நாளானால் 825ஐயும் கூட்ட வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் 824ஐ மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, நம் குறிப்புக்கு 1824 என்று விடை எழுதிவிடுவார்கள். மாசி என்பது பிப்ரவரியில் வருவதால் சரியான விடை 1825 ஆகும்.

இந்தத் தவற்றைச் சுவடியே காட்டிக் கொடுக்கும். தாரண என்பது அறுபது ஆண்டுச் சுழற்சியில் 18ஆவது பெயர். பிரபவ 1807ஆம் ஆண்டு சித்திரையில் பிறந்தது. எனவே தாரண 1824 சித்திரை முதல் 1825 பங்குனி வரை நீள்கிறது. 1824ஆம் ஆண்டின் மாசி அதற்கு முந்தைய சுபானு ஆண்டில் விழுந்துவிடும். இரண்டு ஆண்டுக் கணக்குகளும் வெவ்வேறு மாதங்களில் பிறப்பதனாலேயே ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிக்க முடிகிறது.

மூன்றாம் படி: கிழமையைச் சரிபாருங்கள்

1825இல் மாசி முதல் நாள் பிப்ரவரி 10. ஆகவே மாசி 10 என்பது பிப்ரவரி 19, சனிக்கிழமை. குறிப்பும் சனிக்கிழமை என்றே சொல்கிறது. எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை தொகுத்த பஞ்சாங்க அட்டவணைகளைக் கொண்டு இத்தகைய கணக்குகளைச் சரிபார்க்கலாம். திதியும் நட்சத்திரமும் இருந்தால் பிடி இன்னும் இறுகும்.

கொல்லம் ஆண்டு இல்லாமல் தாரண என்று மட்டும் இருந்தால் என்ன செய்வது? 1765, 1825, 1885 ஆகிய மூன்று ஆண்டுகளின் மாசி மாதங்களும் போட்டிக்கு வரும். அப்போது கிழமைதான் கை கொடுக்கும்: முதலதிலும் கடைசியிலும் மாசி 10 சனிக்கிழமையில் வரவில்லை. ஒரு நாள் மட்டும் பிசகினால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். சங்கராந்தி மாலையில் நிகழும்போது மாதப் பிறப்பை அன்றைக்கா மறுநாளைக்கா கொள்வது என்பதில் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு உண்டு.

நான்காம் படி: குறிப்பு இந்தச் சுவடிக்கு உரியதா?

என் கருத்தில் கடினமான படி இதுதான். பெயர்த்தெழுதியவர் மூலச் சுவடியிலிருந்த முடிவுக் குறிப்பையும் அப்படியே படியெடுத்திருந்தால், கணக்கு எவ்வளவு சரியாகப் பொருந்தினாலும் கிடைப்பது மூலத்தின் நாளே ஆகும். கடைசி ஓலையின் கையெழுத்து உள்ளே இருக்கும் கையெழுத்தோடு ஒக்கிறதா, ஓலையின் நீளமும் அகலமும் துளையின் இடமும் மற்ற ஓலைகளோடு பொருந்துகின்றனவா, ஓலை எண் தொடர்ந்து வருகிறதா என்று அளந்து பாருங்கள். ஒரே சுவடியில் இரண்டு முடிவுக் குறிப்புகள் வெவ்வேறு ஆண்டுகளோடு இருந்தால், பிந்தியதையே இந்தப் படியின் நாளாக முதலில் கருதிப் பாருங்கள். ஆனால் அது வேறொரு கையில், பின்னர் சேர்த்த உடைமைக் குறிப்பாகவும் இருக்கலாம்.

ஐந்தாம் படி: எழுத்தைக் கேளுங்கள், ஆனால் அளவோடு

முடிவுக் குறிப்புள்ள ஓலை தொலைந்துபோன சுவடியில் எழுத்தமைதியே துணை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதுவதும், எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டாமல் ஒரே கொம்பை இடுவதும், காலையும் ரகரத்தையும் ஒரே வடிவில் எழுதுவதும் பழைய வழக்கம். 1747இல் காலமான வீரமாமுனிவரோடு நெடில் கொம்பைத் தொடர்புபடுத்துவது மரபு. ஆகவே ‘கேள்’ என்பதில் இரட்டைச் சுழிக் கொம்பைச் சுவடி முழுதும் தவறாமல் காண்பீர்களானால், அது 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு முந்தியது என்று சொல்லத் துணிய வேண்டாம். இதைத் தலைகீழாக்க முடியாது. வேறுபாடு இல்லை என்பதால் சுவடி பழையது ஆகிவிடாது. 19ஆம் நூற்றாண்டிலும் பழைய முறையிலேயே எழுதியவர்கள் பலர். எழுத்தை மட்டும் வைத்து ஐம்பது ஆண்டு இடைவெளிக்குள் காலத்தைக் குறுக்கிச் சொல்பவரிடம், ஒப்பிட்ட நாளிட்ட சுவடிகள் எவை என்று கேளுங்கள்.

ஆறாம் படி: பொருளைப் பாருங்கள்

ஓலை பனையோலையா, அகன்று மெலிந்த தாளிப்பனை ஓலையா என்பது வட்டாரத்தை ஊகிக்க உதவுமே தவிர ஆண்டைத் தராது. கருமையும் அப்படித்தான்: எழுத்தாணியால் கீறிய கோடுகளில் மை பூசித் துடைப்பது வழக்கமாதலால், பின்னாளில் மங்கிய ஓலைக்கு மீண்டும் மை ஏற்றியிருக்கலாம். கதிரியக்கக் கார்பன் ஆய்வு கைகொடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஏறத்தாழ 1650 முதல் 1950 வரை அதன் அளவுத்திருத்த வளைவு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், 1825இல் எழுதிய ஓலைக்கு அந்த நீண்ட இடைவெளியில் பல காலப்பகுதிகள் ஒரே நேரத்தில் விடையாகக் கிடைக்கும். மேலும் அது அளப்பது ஓலை மரத்திலிருந்து வெட்டப்பட்ட காலத்தை. எழுதிய காலத்தை அன்று. சுவடி 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்ற கூற்றைச் சோதிக்க மட்டுமே அந்த ஆய்வு உண்மையில் பயன்படும்.

ஏழாம் படி: பதிவை எழுதுங்கள்

நம் சுவடிக்குப் பட்டியலில் “1825 பிப்ரவரி 19, முடிவுக் குறிப்பின்படி, ஆண்டுப் பெயரும் கிழமையும் பொருந்துகின்றன, குறிப்பும் நூலும் ஒரே கை” என்று எழுதலாம். குறிப்பில்லாத சுவடிக்கு “18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 19ஆம் நூற்றாண்டு வரை, எழுத்தமைதியால்” என்று எழுதி, எந்த ஓலையில் எந்த எழுத்தைக் கண்டு அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் அருகிலேயே குறித்துவிடுங்கள்.