ஆர்டர் மாறிப்போனதற்கு மன்னிப்பு கேப்ஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவகங்களுக்கு கேப்ஷன் எழுதித் தருவது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எழுதும் மன்னிப்புப் பதிவுகளில், தொடக்கத்தில் நான் செய்த தவறு அப்படியே திரும்ப வருகிறது. எழுத்துப்பிழையைப் பற்றியெல்லாம் நான் பேசப் போவதில்லை.

நேரத்தைப் பார்க்காமல் காரணம் சொல்வது

இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒரு சனிக்கிழமை இரவு ஆறு ஆர்டர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம், அதில் இரண்டு வீடு மாறிப் போய்விட்டன. கமெண்டில் திட்டு குவியவும், "டெலிவரி ஊழியரின் தவறால் தாமதம், வருந்துகிறோம்" என்று அவசரமாக எழுதிப் போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

அப்புறம்தான் மூன்று நேரங்களை எடுத்துப் பார்த்தேன். சமையலறையில் பை தயாரானது 7:50, ஊழியர் கையில் கொடுத்தது 8:45, வீட்டில் சேர்ந்தது 9:05. முதல் இரண்டுக்கும் நடுவே போன 55 நிமிடமும் எங்களுடையது, அவர் ஓட்டியது வெறும் 20 நிமிடம். பை மாறியதும் எங்களால்தான்: பில்லை பையில் உடனே ஒட்டாமல் மேசையில் அடுக்கி வைத்து, கடைசியில் மொத்தமாக ஒட்டியிருக்கிறார்கள். அதற்குள் அந்த ஊழியரை நூறு பேர் திட்டிவிட்டார்கள், அதை என்னால் திரும்ப எடுக்க முடியாது.

காரணம் தெரியும்வரை "என்ன நடந்தது என்று பார்க்கிறோம், இரவு 10 மணிக்குள் இங்கேயே சொல்கிறோம்" என்று எழுதினால் போதும். சொன்ன நேரத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

பழைய பதிவை நீக்குவது

நீக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே போய்விட்டிருக்கும்.

அதே பதிவின் முதல் வரியில் திருத்தத்தை வையுங்கள், "மேலும்" என்பதை அழுத்தாமலே அது தெரிய வேண்டும். ஸ்டோரியில் மட்டும் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அன்று நான் எழுதியது:

"திருத்தம்: தாமதத்துக்கு டெலிவரி ஊழியர் காரணம் என்று எழுதியது தவறு, அவரிடம் மன்னிப்பு கேட்டோம். பை 55 நிமிடம் எங்களிடமே கிடந்தது, இரண்டு பைகளில் பில் மாறி ஒட்டினோம். பையில் உள்ள பெயர் உங்களுடையது இல்லையென்றால் சாப்பிட வேண்டாம். ஆறு பேருக்கும் முழுப் பணம் இன்றே திரும்புகிறது, நீங்கள் கேட்க வேண்டியதில்லை."

சாப்பிட வேண்டாம் என்ற வரியைத் திருத்தத்தில்தான் எழுதினேன், அதற்குள் பாதிப்பேர் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு மாறிய பை ஆபத்து. கேப்ஷன் எழுதும் முன்பே அந்த இரண்டு வீட்டுக்கும் போன் போயிருக்க வேண்டும்.

"ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்"

ஏற்பட்டது. "இருந்தால்" வேண்டாம்.

டி.எம்.-க்கு வரச் சொல்வது

ஆர்டர் எண், போன் எண் எல்லாம் உங்களிடமே இருக்கிறது, நீங்களே கூப்பிடுங்கள்.