அம்மாவின் வாட்ஸ்அப்பை உங்கள் கண்ணுக்கு அமைக்காதீர்கள்

என் அம்மாவுக்கு 71 வயது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "இரும்மா, நல்லா தெரியுற மாதிரி வச்சுத் தர்றேன்" என்று அவருடைய ஆண்ட்ராய்டு ஃபோனை வாங்கினேன். எழுத்தைக் கடைசி அளவு வரை பெரிதாக்கினேன். டார்க் மோடு போட்டேன். பேரனின் படத்தை எடுத்து சாட் வால்பேப்பராக வைத்தேன். நான் திரும்பி வந்த மறுநாளே, மாடி வீட்டு லட்சுமிக்கு அனுப்ப வேண்டிய செய்தியை அம்மா மாடி வீட்டு ராணிக்கு அனுப்பிவிட்டார். அடுத்த வாரம், "எனக்கு ஒண்ணும் தெரியலடா, நீ பழையபடியே வச்சுடு" என்றார். நான் செய்த மூன்றுமே தவறு. பொங்கலுக்குப் போனபோது ஒவ்வொன்றாகச் சரி செய்தேன்.

முதலில் எழுத்தின் அளவு. இதை மாற்ற இரண்டு இடங்கள் உண்டு, பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்புக்குள் Settings, Chats, Font size என்று போனால் Small, Medium, Large என மூன்று அளவுகள் இருக்கும். இது சாட்டுக்குள் வரும் செய்திகளின் எழுத்தை மாற்றும். பெயர்ப் பட்டியலையும் மெனுவையும் தொடாது. ஃபோனின் சொந்த Settings-இல் Display பகுதியில் இருக்கும் Font size, ஃபோன் முழுவதற்குமானது. நான் கடைசி வரை தள்ளியது இதைத்தான். அதனால் பட்டியலில் பெயர்கள் பாதியோடு நின்றுவிட்டன. லட்சுமியும் ராணியும் "மாடி வீட்டு…" என்று ஒரே மாதிரி தெரிந்தார்கள். கீபோர்டு திறந்தால், பதில் எழுத வேண்டிய செய்தியே மேலே ஓடி மறைந்தது.

முதலில் வாட்ஸ்அப்பில் Large வைத்துவிட்டு, அது போதாவிட்டால் மட்டும் ஃபோனின் அளவை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் பிறகு, பட்டியலில் பெயர் முழுதாகத் தெரிகிறதா, கீபோர்டு திறந்திருக்கும்போது குறைந்தது மூன்று நான்கு வரிகளாவது மேலே தெரிகின்றனவா என்று பாருங்கள். அவர் பயன்படுத்தும் மற்ற ஆப்களையும் ஒருமுறை திறந்து, கீழே இருக்கும் பட்டன் திரையை விட்டு வெளியே போய்விடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்குக் கடைசி அளவிலிருந்து இரண்டு படி குறைத்ததும் சரியானது. பெயர்களையும் "லட்சுமி மாடி", "ராணி மாடி" என்று திருப்பிப் போட்டுச் சேமித்தேன். ஐஃபோன் என்றால் வாட்ஸ்அப்புக்குள் தேட வேண்டாம். அது ஃபோனின் Text Size எதுவோ அதைப் பின்பற்றும்.

டார்க் மோடு விஷயத்தில்தான் நம் அனுபவம் நம்மை அதிகமாக ஏமாற்றுகிறது. இரவில் நமக்கு இதமாக இருக்கிறது, ஆகவே வயதானவர்களுக்கு இன்னும் இதமாக இருக்கும் என்று நினைக்கிறோம். கண் அப்படி வேலை செய்வதில்லை. வெளிச்சமான திரையைப் பார்க்கும்போது கண்மணி சுருங்கும். சிறிய துளை வழியாக வரும் ஒளி கூர்மையாக விழும், எழுத்தின் ஓரம் தெளிவாக இருக்கும். கறுப்புத் திரையில் கண்மணி விரிகிறது, கண்ணின் சிறு குறைகளெல்லாம் அப்போது வெளியே தெரிகின்றன. சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்து கறுப்பில் கசிந்து, ஓரத்தில் நிழல் தட்டியது போல இருக்கும். வெள்ளெழுத்து என்று நம் முன்னோர் வைத்த பெயரையே பாருங்கள்: எழுத்து வெளுத்துத் தெரிகிறது என்பதுதான் பொருள். அளவு மட்டுமல்ல, எழுத்தும் பின்னணியும் எவ்வளவு வேறுபட்டுத் தெரிகின்றன என்பதும் படிப்பதற்கு முக்கியம்.

அதற்காக டார்க் மோடே கூடாது என்று சொல்லவில்லை. கண்புரை இருப்பவர்களுக்கு வெள்ளைத் திரையின் ஒளி, கலங்கிய லென்ஸில் பட்டுச் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். அவர்களில் சிலருக்குக் கறுப்புப் பின்னணிதான் வசதி. ஆகவே இதை நாம் முடிவு செய்ய முடியாது. ஒரே செய்தியை இரண்டு விதமாகவும் காட்டி, எது சுலபம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். பகலில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. எந்த வெளிச்சத்திலும் கூச்சம் போகவில்லை, தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றால், அது ஃபோனில் சரியாகும் விஷயம் இல்லை. கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாட்ஸ்அப்பில் Theme என்ற இடத்தில் System default இருந்தால், ஃபோன் எப்போது கறுப்பானாலும் வாட்ஸ்அப்பும் கறுப்பாகும். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் Battery Saver போட்டவுடன் டார்க் மோடும் தானாக வந்துவிடும். சார்ஜ் குறைந்த நேரத்தில் திரை திடீரென்று மாறினால், ஃபோன் கெட்டுவிட்டது என்றுதான் பெரியவர்கள் நினைப்பார்கள். அம்மாவுக்கு வெளிச்சமான திரைதான் பிடித்தது. அதனால் System default-ஐ எடுத்துவிட்டு Light என்று வைத்தேன். ராத்திரி கூசாமல் இருக்க, திரையின் வெளிச்சத்தை எப்படிக் குறைப்பது என்று காட்டிக் கொடுத்தேன்.

வால்பேப்பருக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் எழுத்து நேராக வால்பேப்பர் மேல் விழுவதில்லை. ஒவ்வொரு செய்திக்கும் தனிக் கட்டம் உண்டு. அதனால் படம் எதுவானாலும் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் கட்டங்களுக்கு நடுவில் பேரனின் முகமும் பூப்போட்ட சட்டையும் எட்டிப் பார்த்தால், எந்தக் கட்டம் எங்கே முடிகிறது என்று கண் தேடவேண்டியிருக்கிறது. ஸ்டிக்கர் கட்டமில்லாமல் நேராகப் படத்தின் மேலேயே வந்து உட்காரும். மங்கலான ஒற்றை நிறம் போதும். பேரனின் படத்தை ஃபோனின் லாக் ஸ்கிரீனுக்கு மாற்றிவிட்டேன், அங்கே அம்மா அதை நிம்மதியாகப் பார்க்கிறார். புதிதாக வந்திருக்கும் வண்ண சாட் தீம்கள், நாம் அனுப்பும் செய்திக் கட்டத்தின் நிறத்தையும் மாற்றிவிடும் என்பதால் அவற்றில் கூடுதல் கவனம் தேவை. ஒரு சாட்டுக்குத் தனியாக வால்பேப்பர் வைத்திருந்தால், பொதுவானதை மாற்றினாலும் அது மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கள் குடும்ப குரூப்பில் மட்டும் பழைய படம் ஒட்டிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

எல்லாம் முடிந்த பிறகு "தெரியுதாம்மா?" என்று கேட்காதீர்கள். தெரியுது என்றுதான் சொல்வார். நான் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பிப் படிக்கச் சொன்னேன்:

"பெட்டி, பேட்டி. கொடு, கோடு. மாத்திரை காலை 8 மணி, இரவு 6 இல்லை 9."

தமிழில் ஒரு கொம்புச் சுழியும் ஒரு புள்ளியும் பொருளையே மாற்றிவிடும், மங்கும்போது முதலில் போவதும் அவைதான். ஃபோனில் Bold text போட்டால் சிலருக்கு எழுத்து நன்றாகத் தெரியும், ஆனால் ண, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றனவா என்று பார்த்துவிட்டே அதை விட்டுவையுங்கள். படிக்கும்போது அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான கண்ணாடியோடு இருக்கட்டும். ஃபோனை முகத்துக்கு அருகே கொண்டுபோனால் எழுத்து இன்னும் சிறிது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால், கண்ணாடியின் பவரை ஒருமுறை சோதிக்க வேண்டும்.

முதல் முறை அம்மா "பெட்டி, பெட்டி" என்றார். ஃபோனின் எழுத்தை இன்னும் ஒரு படி கூட்டினேன். பெயர்கள் முழுதாகத்தான் தெரிந்தன. இரண்டாம் முறை "பெட்டி, பேட்டி" என்று சரியாகப் படித்துவிட்டு, "மாத்திரை 9 மணிக்குன்னா சாப்பாடு எப்படா?" என்று கேட்டார்.