பேன், பேஸ், பாட்டி: தமிழெழுத்தில் இங்கிலீஷ் கலந்த கையெழுத்துக் குறிப்பைத் தட்டச்சு செய்வது எப்படி?

மாமா கோவைப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். போன வருடம் கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் கடைப்பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடையில் நின்ற மோட்டார்களுக்கெல்லாம் ஒரே ஆதாரம் அவருடைய நோட்டு. மச்சானுக்கு அந்தக் கையெழுத்து பாதிதான் புரிந்தது, அதனால் தட்டச்சு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

மாமாவுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. ஆனால் அவர் வேலையில் பாதிச் சொற்கள் இங்கிலீஷ்தான், எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுவார். மெக்கானிக் நோட்டு, டெய்லர் அளவு நோட்டு, பலசரக்குச் சீட்டு என்று இந்த வகைக் குறிப்பு எங்கும் உண்டு. நான் தடுக்கி விழுந்து கற்ற வழியை ஒரே ஒரு பக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: படம் எடுங்கள், எண் போடுங்கள்

பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, பக்கத்துக்கு ஒரு படம். கோப்பின் பெயரில் பக்க எண்ணைப் போட்டுவிடுங்கள். அழுத்தி எழுதுபவரின் நோட்டாக இருந்தால் பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் புடைத்துத் தெரியும். ஒரு கறுப்புத் தாளை அடியில் வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

படி 2: இருப்பதை இருக்கிறபடியே அடியுங்கள்

முதல் பிரதியில் எதையும் திருத்தக்கூடாது. பிழை என்று தெரிந்தாலும் கைவைக்காதீர்கள். வரிக்கு வரி, அவர் எழுத்தில் உள்ளபடியே அடியுங்கள். படிக்க முடியாத இடத்தில் [?] என்று போட்டுவிட்டு நகருங்கள். மாமாவின் ஒரு பக்கம் இப்படி வந்தது:

> 1 எச்பி மோனோ பிளாக்
> ரண்ணிங் காயில் ஓகே ஸ்டாட்டிங் எரிஞ்சது
> கேஜ் 2[?]
> பேரிங்கு 620[?] ரெண்டு மாத்தனும்
> பேஸ் கிராக் வெல்டிங் போடனும்
> கண்டன்சர் 25 எம்எப்டி புதுசு
> பேன் கவர் செட்ல
> பாட்டி சனிகிழமை வருவார் பேலன்ஸ் 850

ஏன் திருத்தக்கூடாது? அவருடைய எழுத்துப்பிழைகூட ஒரு தடயம். 'ஸ்டார்ட்டிங்' என்பதை 'ஸ்டாட்டிங்' என்று எழுதுகிறவர் வேறு சொற்களிலும் 'ர்' விழுங்குவார். இதை நான் கவனித்திருந்தால் கடைசி வரியில் மாட்டியிருக்க மாட்டேன். முதல் பிரதியிலேயே அழகாகத் திருத்தியிருந்தால் அந்தத் தடயம் கண்ணிலேயே பட்டிருக்காது.

புள்ளி பற்றி ஒரு வார்த்தை. வேகமாக எழுதுகிறவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ஓலை கிழிந்துவிடும் என்று சுவடிகளிலும் புள்ளியை விட்டார்கள், ஆக நம் மாமாக்கள் செய்வது புதிதல்ல. புள்ளியை மட்டும் நீங்களே வைத்து அடிக்கலாம், 'கணடனசர' என்று அடித்து யாருக்கும் லாபமில்லை. வயதானவர்கள் நோட்டில் லை, னை, ணை எல்லாம் மேலே துதிக்கை போல வளைந்த பழைய வடிவத்தில் இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் படித்த கை அது. அதையும் இன்றைய வடிவில் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அவர் எழுதியபடி.

படி 3: இங்கிலீஷ் சொல்லைப் பிரித்தெடுப்பது

இதுதான் உண்மையான வேலை. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் சொல்லின் வாலை வெட்டுங்கள். தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லுக்கும் நம் உருபு ஒட்டிக்கொள்ளும். 'செட்ல' என்றால் செட் + ல, 'பேரிங்கு' என்றால் பேரிங் + உ. வாலை எடுத்துவிட்டு மீதியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாத பாதிச் சொற்கள் காதுக்குப் புரிந்துவிடும். 'எம்எப்டி' என்பதை நாலு தரம் பார்த்தும் புரியாமல், ஒரு தரம் சொன்னதும் எனக்குப் பிடிபட்டது. கண்டன்சரின் மேல் அச்சடித்திருக்கும் அளவு அது.

அடுத்தது எழுத்தின் ஒலி. நம் ஒரே 'ப' பல இங்கிலீஷ் ஒலிகளுக்கு வேலை செய்கிறது. ஆனால் சொல்லின் நடுவில் வந்தால் ஒரு துப்பு கிடைக்கும். இரட்டித்து வந்தால் வல்லோசை, தனியாக வந்தால் மெல்லிய ஓசை. 'பேட்டரி'யில் 'ட்ட' இருப்பதும் 'பாடி'யில் ஒற்றை 'ட' இருப்பதும் அதனால்தான். 'வைண்டிங்' போல மெல்லின எழுத்துக்குப் பின்னால் வந்தாலும் மெலிந்துதான் ஒலிக்கும். எழுதுகிறவர் இதை யோசித்து எழுதுவதில்லை, காது சொன்னபடி எழுதிவிடுகிறார், அதனால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சிக்கல் சொல்லின் முதலெழுத்தில். அங்கே இரட்டிக்க முடியாது, துப்பும் கிடையாது. 'பேன்' என்பதைக் காற்றாடி என்று படிப்பதா, தலையில் ஊர்வது என்று படிப்பதா? இங்கே 'கவர்' பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். மோட்டாரின் பின்னால் சுற்றும் சிறு விசிறியின் மூடி அது.

'பேஸ்' அவ்வளவு சுலபம் இல்லை. மின்சார வேலையில் 'மூணு பேஸ்', 'சிங்கிள் பேஸ்' என்பது தினமும் புழங்கும் சொல். நானும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த சொல் 'கிராக்', அதற்கடுத்து 'வெல்டிங்'. கரண்ட் பேஸில் விரிசல் விழாது. இது மோட்டார் உட்காரும் அடிப்பாகம், வார்ப்பு இரும்பு, விரிசல் விடக்கூடியது. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வந்தால் அந்த வரியின் வினை எதை ஏற்கிறது என்று பாருங்கள், பக்கத்துச் சொல் எதை அனுமதிக்கிறது என்றும் பாருங்கள்.

இலங்கைத் தமிழர் எழுதிய குறிப்பாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். நாம் 'ட' போடும் இடத்தில் அவர்கள் 'ர' போடுவதுண்டு. ரயர், ரிக்கற், ரீவி. இங்கே பழகிய கண்ணுக்கு அது பிழைபோலத் தெரியும், ஆனால் அது அவர்கள் வழக்கம்.

படி 4: எண்ணைத் தொழில் அறிவால் சோதியுங்கள்

எழுத்தைக் கண்ணால் முடிவு செய்யலாம், எண்ணை அப்படி முடிவு செய்யாதீர்கள். பேரிங் எண் 6203 என்றும் தெரிந்தது, 6208 என்றும் தெரிந்தது. இங்கே ஒரு கணக்கு உதவுகிறது. கடைசி இரண்டு இலக்கம் 04-லிருந்து மேலே போனால் ஐந்தால் பெருக்கினால் சாப்ட் நுழையும் உள்துளை மில்லிமீட்டரில் வந்துவிடும். 08 என்றால் 40. வீட்டுத் தண்ணீர் மோட்டார், அதுவும் ஒரு எச்பி, அதற்கு 40 மி.மீ. தடிப்பில் சாப்ட் எங்கே இருக்கப் போகிறது? 03 இந்தக் கணக்கில் வராது, அதற்கு 17 மி.மீ. என்று நிலையான அளவு. மச்சான் சாப்டை அளந்து பார்த்தான், 17 இருந்தது. முடிந்தது வேலை.

கேஜ் வரிக்கு இப்படி வழி கிடைக்கவில்லை. 22 ஆகவும் இருக்கலாம், 27 ஆகவும் இருக்கலாம். கேஜில் எண் கூடினால் கம்பி மெலியும். 22 கேஜ் சுமார் 0.71 மி.மீ., 27 கேஜ் சுமார் 0.42 மி.மீ. ஸ்டார்ட்டிங் கம்பி ரன்னிங் கம்பியைவிட மெலிதாக இருக்கும் என்பதால் 27 பக்கம் மனம் சாய்ந்தது. ஆனால் சாய்ந்த மனதை நம்பிக் கம்பி வாங்கக்கூடாது. எரிந்த காயிலில் ஒரு துண்டை எடுத்து வார்னிஷைச் சுரண்டி மைக்ரோமீட்டரில் பிடித்தால் ஒரே நிமிடத்தில் தெரியும். அதைச் செய்யும்வரை என் பிரதியில் [?] அப்படியே இருந்தது.

படி 5: இரண்டாவது பிரதி

இப்போது முதல் பிரதியைத் தொடாமல், பக்கத்தில் ஒரு தெளிவான பிரதி எழுதுங்கள். இங்கேதான் பலர் அளவு மீறுவார்கள். கண்டன்சரை 'மின்தேக்கி' என்று மாற்றாதீர்கள். நல்ல தமிழ்ச் சொல்தான், ஆனால் கடையில் யாரும் அப்படித் தேட மாட்டார்கள். 'கெபாசிட்டர்' என்றும் மாற்றவேண்டாம், இந்தக் கடையில் புழங்குவது கண்டன்சர்தான். செய்யவேண்டியது ஒன்றே: ஒரு சொல்லை ஒரே மாதிரி எழுதுங்கள். மாமா நோட்டில் ரண்ணிங், ரன்னிங், ரனிங் மூன்றும் இருந்தன. தெளிவான பிரதியில் எல்லாம் 'ரன்னிங்'. அப்போதுதான் பின்னால் தேடும்போது ஒன்றும் விட்டுப்போகாது.

தேடல் என்றதும் இன்னொன்று. கையெழுத்தில் 'ர'வும் துணைக்காலும் ஒன்று போலவே இருக்கும். தட்டச்சிலும் அந்தக் குழப்பம் நுழைந்துவிடும், முக்கியமாகப் படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் செயலிகளைப் பயன்படுத்தினால். 'பேரிங்' என்பது 'போிங்' என்று வந்திருக்கும். சில எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது. முடித்ததும் `ாி` என்று தேடி `ரி` என்றும், `ா்` என்று தேடி `ர்` என்றும் மாற்றிவிடுங்கள். கொம்போடு சேர்ந்த கால் `ொ`, `ோ` என்று ஒரே குறியாகிவிடும், அதனால் `ோி` என்பதை `ேரி` என்றும், `ொி` என்பதை `ெரி` என்றும், `ோ்` என்பதை `ேர்` என்றும், `ொ்` என்பதை `ெர்` என்றும் தனியாக மாற்றவேண்டும். காலுக்குப் பின்னால் மேல்விலங்கோ புள்ளியோ தமிழில் வராது என்பதால் தைரியமாக மொத்தமாக மாற்றலாம்.

படி 6: மீதியை எழுதியவரிடம் கேளுங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் போன் போடாதீர்கள். சந்தேகங்களைச் சேர்த்து ஒரே தடவையில் கேளுங்கள். கேட்கும்போது உங்கள் ஊகத்தைச் சொல்லாமல், வரியை அப்படியே படித்துக்காட்டுங்கள். "இது பேஸ் பிளேட்தானே மாமா?" என்று கேட்டால் அவர் பாதி காதில் வாங்கி "ஆமா ஆமா" என்றுவிடுவார்.

நான் கேட்டதில் ஒன்று 'பாட்டி'. யாரோ ஒரு வயதான அம்மாவின் மோட்டார் என்றுதான் பிரதியில் எழுதியிருந்தேன், மச்சானும் சனிக்கிழமை பாட்டியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். மாமா சிரித்தார். அது பார்ட்டி, மோட்டார் கொடுத்தவர். 'வருவார்' என்று எழுதியிருக்கிறதே, பாட்டியாக இருந்தால் 'வருவாங்க' என்றல்லவா எழுதுவார், அதை நான் பார்த்திருக்கவேண்டும். நாலு பக்கம் தள்ளி 'பார்ட்டி போன் பண்ணார்' என்று 'ர்' விழாமலே ஒரு வரியும் இருந்தது.

'பேன் கவர் செட்ல' என்பதை நான் கேட்கவே இல்லை. பம்ப் செட்டிலேயே மாட்டியிருக்கிறது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. மச்சான் மோட்டாரைப் பார்த்தான், கவர் இல்லை, தொலைந்துவிட்டது என்று கடைவீதிக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டான். கண்கட்டு அவிழ்த்து மாமா கடைக்கு வந்த அன்று பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போய், பழைய கவரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "ஷெட்ல இருக்குன்னு எழுதித்தானடா வச்சிருந்தேன்."